ஆறு டிரெய்னர் கிட் வேண்டி ஒரு கடிதம்

பொருள்: ஆட்டோமேஷன் ஆய்வகத்துக்குப் பி.எல்.சி. டிரெய்னர் கிட் 6 எண்ணிக்கை கொள்முதல் செய்ய ஒப்புதல் கோருதல் – சார்பாக.

கல்லூரியில் லேப் இன்சார்ஜாக இருக்கிறவர்கள் எல்லாருக்கும் இந்த மாதிரிக் கடிதம் பழக்கம்தான். அனுப்புநர், பெறுநர், வழி: துறைத்தலைவர், ஐயா, வணக்கம். ‘மாணவர்களின் நலன் கருதி’ என்று ஒரு வரி. பின்னால் மூன்று கொட்டேஷன். முதல்வர் மேசையில் கொஞ்ச நாள், தாளாளர் மேசையில் கொஞ்ச நாள் என்று கிடந்துவிட்டு, ‘அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கலாம்’ என்று பச்சை மையில் எழுதித் திரும்பி வரும்.

கோவைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் துறையில் ஆட்டோமேஷன் லேப் என் பொறுப்பில் இருக்கிறது. போன கல்வியாண்டில் இந்தக் கடிதத்தை எழுதும் முறை எனக்கு வந்தது. அதில் என்னென்ன எழுதினேன், ஒவ்வொரு வரியும் ஏன் வந்தது என்று இங்கே சொல்கிறேன். இதே பொறுப்பில் இருக்கும் யாருக்காவது பயன்படலாம். இந்தத் துறை தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரிச் சொல்லப் பார்க்கிறேன்.

பி.எல்.சி. என்பது தொழிற்சாலைக்கென்று செய்த ஒரு சின்னக் கணினி. ஒரு பக்கம் பட்டன், லிமிட் சுவிட்ச், சென்சார் எல்லாம் இன்புட்டாக வந்து சேரும். மறுபக்கம் மோட்டாரை ஓட்டும் காண்டாக்டர், காற்று வால்வு, விளக்கு எல்லாம் அவுட்புட்டாகப் போகும். நடுவில் ஒரு புரோகிராம். அதைப் பெரும்பாலும் லேடர் என்கிற படமாக வரைவோம். பழைய ரிலே சர்க்யூட் படம் மாதிரியே இருக்கும். எலக்ட்ரீஷியன்கள் புதிதாக ஒரு மொழியைப் படிக்காமலே புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் 1960-களின் கடைசியில் அமெரிக்கக் கார்த் தொழிற்சாலைகளுக்காக அப்படி வடிவமைத்தார்கள். இன்று நூற்பாலை, சாயப்பட்டறை, பால் பாக்கெட் இயந்திரம் எங்கே போனாலும் பேனல் கதவைத் திறந்தால் உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கும்.

டிரெய்னர் கிட் என்றால் அந்த பி.எல்.சி.யை ஒரு பெட்டியிலோ சாய்வுப் பலகையிலோ பொருத்தி, சுவிட்ச், விளக்கு, பவர் சப்ளை எல்லாம் கூடவே வைத்துக் கொடுப்பது. மாணவன் பிளக் வைத்த வயரைச் சொருகி, புரோகிராம் போட்டு, ஓட்டிப் பார்க்கலாம்.

எங்களிடம் ஏற்கெனவே நான்கு கிட் இருந்தன. ஸ்டாக் ரிஜிஸ்டரிலும் நான்குதான். ஓடியது இரண்டு. அந்த இரண்டுக்கும் புரோகிராம் ஏற்றும் மென்பொருள் ஒரே ஒரு பழைய கணினியில்தான் தொந்தரவில்லாமல் வேலை செய்தது, ஏனென்றால் அதில்தான் ஒன்பது பின் சீரியல் போர்ட்டும் விண்டோஸ் எக்ஸ்பியும் மிச்சம் இருந்தன. மற்ற கணினிகளில் யு.எஸ்.பி.யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கேபிள் போட்டுப் பார்த்தால், ஒருமுறை `COM3` என்று வரும், அடுத்தமுறை `COM11` என்று வரும், மென்பொருளோ ஒன்று முதல் நான்கு வரைதான் கேட்கும். டிவைஸ் மேனேஜரில் போய் எண்ணை மாற்றிவிட்டால் ஓடும். இதையெல்லாம் ஒரு வகுப்பின் நடுவில், முப்பது பேர் பின்னால் நிற்கும்போது செய்ய வேண்டும்.

கடிதத்தின் முதல் பத்தியில் இதைத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று எல்லாரும் நினைப்பார்கள். துறைத்தலைவரும் அப்படித்தான் சொன்னார். “பழசாகிடுச்சு, பாதி ஓடலைன்னு போடுங்க மேடம், போதும்.” எனக்கு அதில் உடன்பாடில்லை. பழசாகிவிட்டது என்று எழுதினால் ‘ரிப்பேர் செய்து பயன்படுத்தவும்’ என்று வரும். அதுகூடப் பரவாயில்லை. ஓடுகிற கிட்டே தப்பான பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறது என்பதுதான் என் முதல் குறை. அதனால் கடிதத்தின் முதல் பத்தி ஒரு ஸ்டாப் பட்டனைப் பற்றி ஆரம்பித்தது.

அந்தப் பழைய கிட்டில் இன்புட்டுக்கென்று எட்டு டாகிள் சுவிட்ச் வரிசையாக இருக்கும். எட்டும் ஒரே மாதிரி. மேலே தள்ளினால் 24 வோல்ட் உள்ளே போகும், கீழே தள்ளினால் போகாது. உள்ளே வயரிங் முடிந்தே வந்துவிடும், பின் தகடு மூடி ஸ்க்ரூ போட்டிருக்கும். மாணவனுக்கு முதல் பரிசோதனை மோட்டாரை ஸ்டார்ட், ஸ்டாப் செய்வது. ஒரு டாகிளை ஸ்டார்ட், இன்னொன்றை ஸ்டாப் என்று வைத்துக்கொண்டு அவன் வரையும் லாஜிக்கை எழுத்தில் சொன்னால் இதுதான்:

```
MOTOR := (START OR MOTOR) AND NOT STOP;
```

ஸ்டார்ட்டைத் தொட்டால் மோட்டார் ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்டாப்பைத் தொட்டால் நிற்கும். ரெக்கார்டு நோட்டில் ‘முடிவு சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதி என் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போவான்.

அதே பையன் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பேனல் போர்டு பட்டறைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறான். அங்கே ஒரு மேசையில் ஓடுகிற பேனலை வைத்து, ஸ்டாப் பட்டனுக்குப் போகும் வயரை ஒருவர் கழற்றிவிட்டு, “இப்ப என்ன ஆகும்?” என்று கேட்கிறார். பையன் “ஒண்ணும் ஆகாதுங்க சார், ஓடிட்டே இருக்கும்” என்கிறான். அவன் லேபில் பார்த்ததை வைத்துச் சொன்னான். ஆனால் முறையாகச் செய்த எந்தப் பேனலிலும் ஸ்டாப் பட்டன் அழுத்தாதபோது மூடியிருக்கும் வகையாகத்தான் இருக்கும். பட்டறைப் பாஷையில் என்.சி. சும்மா இருக்கும்போது அதன் வழியாக 24 வோல்ட் போய்க்கொண்டே இருக்கும், இன்புட் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அழுத்தினால் அறுபடும். அந்த இன்புட்டுக்கு STOP_OK என்று பேர் வைத்தால் லாஜிக் இப்படி மாறும்:

```
MOTOR := (START OR MOTOR) AND STOP_OK;
```

வயர் எலி கடித்து அறுந்தாலும், டெர்மினல் லூஸ் ஆனாலும், யாரோ ஸ்டாப்பை அழுத்திய மாதிரியே மோட்டார் நின்றுவிடும். முதல் முறையில் வயர் அறுந்தால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், ஸ்டாப்பை எத்தனை முறை அழுத்தினாலும் நிற்காது. நின்றுபோனால் உற்பத்திதான் நஷ்டம், நிற்காமல் போனால் யாராவது கை போகும். இந்த வித்தியாசத்தைக் கரும்பலகையில் நான் வருஷா வருஷம் சொல்லத்தான் செய்கிறேன். ஆனால் கிட்டில் என்.சி. பட்டனும் இல்லை, பிடுங்கிப் பார்க்க வயரும் இல்லை என்றால் அது பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் ஒரு வரியாகவே நின்றுவிடுகிறது.

எமர்ஜென்சி ஸ்டாப் இதைவிடச் சுவாரசியம். அந்தச் சிவப்புக் காளான் தலைப் பட்டனை வெறுமனே பி.எல்.சி. இன்புட்டுக்குக் கொடுத்து, புரோகிராம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடக் கூடாது. அவுட்புட்டுகளுக்குப் போகும் சப்ளையையே அது நேராக வெட்ட வேண்டும். சரி, வெட்டியாகிவிட்டது, மோட்டார் நின்றுவிட்டது. ஆனால் பி.எல்.சி.க்கு அது தெரியாதே. திரையில் பார்த்தால் மோட்டார் அவுட்புட் இன்னும் ஆன் என்றே நிற்கும். இப்போது பட்டனைத் திருப்பி விடுவித்தால்? யாரும் ஸ்டார்ட்டைத் தொடாமலே மோட்டார் தானாக ஓட ஆரம்பிக்கும். முதன்முதலாக இதைப் பார்க்கிற மாணவர்கள் ஒரு அடி பின்னால் போவார்கள். அதனால் அந்தப் பட்டனில் இரண்டு என்.சி. காண்டாக்ட் வேண்டும். ஒன்று சப்ளையை வெட்ட, இன்னொன்று பி.எல்.சி.க்குச் சேதி சொல்லி, மோட்டாரைத் தொடர்ந்து ஆனிலேயே பிடித்து வைத்திருக்கும் லாட்ச்சை அவிழ்க்க.

ஆக, கடிதத்தின் முதல் பத்தி இப்படி அமைந்தது: ‘தற்போதுள்ள கிட்களில் உள்ள சுவிட்சுகள் அனைத்தும் ஒரே வகையானவை, வயரிங் உட்புறம் மூடப்பட்டுள்ளது. எனவே ஸ்டாப் பட்டன் வயர் அறுந்த நிலை, எமர்ஜென்சி ஸ்டாப் விடுவிக்கப்பட்ட நிலை ஆகிய இரண்டையும் மாணவர்கள் செய்து பார்க்க இயலவில்லை. இவ்விரண்டும் வேலைக்கான நேர்முகத் தேர்வில் கேட்கப்படுகின்றன.’ கடைசி வாக்கியம் தாளாளருக்காக. பிளேஸ்மென்ட் என்ற வாசம் வந்தால்தான் எங்கள் ஊர்த் தாளாளர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொள்வார்கள்.

அடுத்தது எண்ணிக்கை. முதல்வர் கேட்ட முதல் கேள்வியே “ஏன் ஆறு? ஏன் பத்து கேக்கல, ஏன் மூணு போதாது?” என்பதுதான். ‘ஒரு பேட்ச் 30 பேர்’ என்பதிலிருந்து கணக்கு ஆரம்பிக்கிறது. ஒரு கிட்டைச் சுற்றி மூன்று பேர் என்றால் எல்லாருக்கும் கைக்கு வேலை இருக்கும். ஒருவர் வயர் கொடுக்கலாம், ஒருவர் படத்தைப் பார்த்துச் சரிபார்க்கலாம், ஒருவர் கணினியில் இருக்கலாம். ஆறு பேர் என்றால் இரண்டு பேர் செய்வார்கள், இரண்டு பேர் பார்ப்பார்கள், மிச்சம் இரண்டு பேர் ஜன்னலைப் பார்ப்பார்கள். மூன்று மூன்றாகப் பிரித்தால் பத்துக் குழு. அப்படியானால் பத்துக் கிட்.

ஆனால் ஒரு லேப் நேரம் முழுவதும் யாரும் கிட்டைத் தொட்டுக்கொண்டிருப்பதில்லை. எங்களுக்கு மூன்று பீரியட் சேர்ந்தாற்போல் 150 நிமிஷம். அதில் பாதி நேரம் லாஜிக்கை யோசிப்பதிலும் திரையில் வரைவதிலும் போகிறது. அந்தப் பாதிக்குக் கிட் வேண்டியதில்லை, சிமுலேட்டர் போதும். எனவே ஐந்து குழு சிமுலேட்டரில், ஐந்து குழு கிட்டில், 75 நிமிஷத்தில் மாற்றிக்கொள்ள வேண்டியது. தேவை ஐந்து கிட். ஆறாவது எதற்கு? ஒன்று பழுதானால் எடுத்து வைக்க. பழுதாகாத நாட்களில் அதில் நானே ஒரு பிழையை வைத்துவிடுவேன். ஒரு வயரை உள்ளே கழற்றிவிடுவது, ஃப்யூஸைப் பிடுங்கிவிடுவது, சென்சாரின் முனையை மாற்றிக் கொடுப்பது. சீக்கிரம் முடித்துவிடும் குழு அங்கே போய் மல்டிமீட்டரோடு அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

“சிமுலேட்டர்தான் இருக்குதேம்மா, அப்ப கிட்டே எதுக்கு?” என்றும் முதல்வர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பழுதைச் சொல்லித்தான் பதில் சொன்னேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கொள்முதல் விவரப் பட்டியலில் எனக்கு மிக முக்கியமான வரி அங்கிருந்துதான் வந்தது.

ஒரு சாதாரண இண்டக்டிவ் பிராக்ஸிமிட்டி சென்சாரை எடுத்துக்கொள்வோம். இரும்பு பக்கத்தில் வந்தால் சிக்னல் கொடுக்கும். மூன்று வயர் இருக்கும். பிரவுன் 24 வோல்ட், நீலம் பூஜ்யம், கறுப்பு சிக்னல். இதில் இரண்டு ஜாதி உண்டு. பி.என்.பி. என்றால் இரும்பைப் பார்த்ததும் கறுப்பு வயரில் 24 வோல்ட்டைக் கொடுக்கும். என்.பி.என். என்றால் கறுப்பு வயரைப் பூஜ்யத்தோடு சேர்க்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பக்கவாட்டில் அச்சடித்த குட்டிப் படத்தைப் பார்த்தால்தான் தெரியும், அதுவும் எண்ணெய்க் கை பட்டு அழிந்திருக்கும்.

மாணவன் என்.பி.என். சென்சாரை எடுத்து, பி.எல்.சி. இன்புட்டில் கொடுத்து, முன்னால் ஒரு இரும்புத் துண்டைக் காட்டுகிறான். சென்சாரின் பின்பக்க விளக்கு எரிகிறது. பி.எல்.சி.யில் இன்புட் விளக்கு எரியவில்லை. சென்சார் போயிடுச்சு என்பான் ஒருவன், இன்புட் போயிடுச்சு என்பான் இன்னொருவன். இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. பி.எல்.சி. இன்புட் வேலை செய்ய அதன் வழியாகக் கரண்ட் ஓட வேண்டும். இன்புட்டுகளின் மறுமுனை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு காமன் முனையாக வெளியே வரும். அந்தக் காமன் பூஜ்யத்தில் இருந்தால், கறுப்பு வயரிலிருந்து 24 வோல்ட் வந்தால்தான் கரண்ட் ஓடும், அதாவது பி.என்.பி. சென்சார் வேண்டும். என்.பி.என். சென்சாரோ பூஜ்யத்தைக் கொடுக்கிறது. இந்தப் பக்கமும் பூஜ்யம், அந்தப் பக்கமும் பூஜ்யம், எங்கிருந்து ஓடும்?

மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பூஜ்யத்தில் வைத்து, சிவப்பு முனையைச் சென்சாரின் கறுப்பு வயரில் வைத்து, இரும்பைக் காட்டிப் பார்த்தால் போதும். 24 பக்கம் ஏறினால் பி.என்.பி., பூஜ்யத்தில் கிடந்தால் என்.பி.என். சரிசெய்வதும் லேசு. காமன் முனையைப் பூஜ்யத்திலிருந்து எடுத்து 24 வோல்ட்டில் கொடுத்துவிட்டால் என்.பி.என். சென்சார் வேலை செய்யும். சீமென்ஸ் எஸ்7-1200, டெல்டா டி.வி.பி. மாதிரி நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் சின்ன பி.எல்.சி.க்களில் காமனை இரண்டு விதமாகவும் கொடுக்கலாம். அப்படி மாற்றிய அடுத்த நொடி, அதே காமனில் இருக்கும் ஸ்டார்ட் பட்டனும் ஸ்டாப் பட்டனும் வேலை செய்யாமல் போகும், ஏனென்றால் அவை 24 வோல்ட்டைக் கொடுக்கும்படி வயரிங் செய்யப்பட்டவை. ‘மேம், இது சரியாச்சு, அது போச்சு’ என்று குரல் வரும். ஒரு காமனில் இரண்டு ஜாதியைக் கலக்க முடியாது என்பதை அதற்கப்புறம் அந்தக் குழுவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

இதில் ஒன்றுகூடச் சிமுலேட்டரில் வராது. அங்கே இன்புட் என்பது மவுஸால் சொடுக்கும் ஒரு கட்டம். வேடிக்கை என்னவென்றால், சந்தையில் விற்கும் கிட் நிறையவற்றிலும் இது வராது. ஒரு டெமோவுக்கு வந்த சேல்ஸ் இன்ஜினியரிடம் “இன்புட் காமன் எங்கே வெளியே வருது?” என்று கேட்டேன். “அது உள்ளயே பூஜ்யத்துல குடுத்துர்றோம் மேடம். பசங்க தப்பா குடுத்துரக் கூடாதுல்ல” என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு அந்தத் தப்புதான் வேண்டும் என்று சொன்னபோது கொஞ்சம் விசித்திரமாகப் பார்த்தார்.

எனவே கொள்முதல் விவரப் பட்டியலில் ஒரு வரி: ‘இன்புட் காமன், அவுட்புட் காமன் ஆகியவை உட்புறம் இணைக்கப்படாமல், முன்பலகையில் தனித்தனி 4 மி.மீ. சாக்கெட்டாக வெளியே கொண்டுவரப்பட வேண்டும்.’ இந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற வரிகளை எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். கூடவே ஒரு பி.என்.பி., ஒரு என்.பி.என். பிராக்ஸிமிட்டி சென்சார், தனியாக வயர் நீட்டி. அவற்றோடு இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக் துண்டு ஒவ்வொன்று. அலுமினியத்தை இரும்பைவிட மிகப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் சென்சார் பார்க்கும், பிளாஸ்டிக்கைப் பார்க்கவே பார்க்காது. துண்டுகளைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்தான், ஆனால் பட்டியலில் இல்லாத பொருளுக்கு எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் பத்து ரூபாய் பில் பாஸ் ஆகாது.

அவுட்புட் எந்த வகை என்பதிலும் ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது. ரிலே அவுட்புட் என்றால் எதை வேண்டுமானாலும் ஓட்டலாம், 230 வோல்ட் விளக்கைக்கூட. டிரான்சிஸ்டர் அவுட்புட் 24 வோல்ட் டி.சி.க்கு மட்டும், பொதுவாக அரை ஆம்பியர் அளவு. பல கல்லூரிகளில் ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று ரிலேயை வாங்குகிறார்கள். லேபில் மாணவர்கள் அதிகம் எழுதுவது விளக்கு மின்னும் புரோகிராம்தான். இந்த ரிலேக்கள் முழு லோடில் ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை தாங்கும் என்று கேட்டலாக் சொல்லும். நொடிக்கு ஒருமுறை மின்னினால் மணிக்கு 3,600 தடவை, 28 மணி நேரத்தில் அந்த ஒரு லட்சம் காலி. விளக்கு சின்ன லோடு என்பதால் அதைவிடப் பல மடங்கு நாள் வரும், உண்மைதான். ஆனால் ஸ்டெப்பர் மோட்டாருக்கு நொடிக்கு ஆயிரக்கணக்கில் பல்ஸ் கொடுக்கும் பரிசோதனையை ரிலேயில் செய்யவே முடியாது. அதனால் டிரான்சிஸ்டர் அவுட்புட் கேட்டேன். பெரிய லோடை ஓட்ட வேண்டுமென்றால் வெளியே தனியாக 24 வோல்ட் இன்டர்ஃபேஸ் ரிலே, பேனலில் செய்கிற மாதிரியே. ரிலே போனால் நூற்றுச் சில்லறை ரூபாயில் மாற்றிக்கொள்ளலாம், பி.எல்.சி.யைத் திறக்க வேண்டாம்.

பவர் சப்ளை பற்றி ஒரே வார்த்தை: சுவிட்ச், சென்சார் எல்லாம் இருக்கும் ஃபீல்டு பக்கத்துக்குத் தனி ஃப்யூஸ், அதுவும் முன்னாலேயே மாற்றும்படி. முதல் மாதத்தில் யாராவது பிளஸ்ஸையும் மைனஸையும் சேர்த்துவைப்பார்கள்.

மென்பொருளுக்கு வருவோம். பணம் கசிவது இங்கேதான். ஒவ்வொரு கம்பெனி பி.எல்.சி.க்கும் அதன் மென்பொருள் தனி. டெல்டா மாதிரிச் சில கம்பெனிகள் இலவசமாகவே தருகின்றன. ராக்வெல் தன் சின்ன பி.எல்.சி. வரிசைக்கான மென்பொருளில் ஒரு பதிப்பை இலவசமாக வைத்திருக்கிறது. சீமென்ஸின் டி.ஐ.ஏ. போர்ட்டலுக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும், சோதனைப் பதிப்பு 21 நாள் வரும். இதில் எது நல்லது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. மாணவர்கள் வேலைக்குப் போகும் ஆலைகளில் எது இருக்கிறதோ அதை வாங்குவது நியாயம். ஆனால் கொட்டேஷனை ஒப்பிடும்போது கிட் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எண்களை உருண்டையாக்கிக் காட்டுகிறேன்.

ஒருவர் கிட் ஒன்று 60,000 ரூபாய் என்று கொடுத்திருக்கிறார். இன்னொருவர் 80,000. எங்கள் கம்பாரிட்டிவ் ஸ்டேட்மென்ட் படிவத்தில் ஒரு பொருளுக்கு ஒரு கட்டம்தான், 60,000 என்பதை வட்டம் போட்டு, இதுதான் குறைந்த விலை என்ற அர்த்தத்தில் ‘எல்1’ என்று எழுதிவிடுவார்கள். 60,000-க்காரரின் இரண்டாம் பக்கத்தின் அடியில், மென்பொருள் லைசென்ஸ் ஒரு கணினிக்கு 25,000 என்று தனியாக இருக்கிறது. ஆறு கிட்டுக்கு 3,60,000, லைசென்ஸ் ஆறுக்கு 1,50,000, ஆக 5,10,000. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 6,01,800. 80,000-க்காரர் மென்பொருளையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். ஆறுக்கு 4,80,000, வரியோடு 5,66,400. விலை அதிகம் என்று தோன்றியவர் 35,400 ரூபாய் குறைவு. அதனால் கடிதத்தோடு நானே ஒரு படிவம் இணைத்தேன். கிட், மென்பொருள், கேபிள், வரி, கல்லூரி வரை கொண்டுவந்து இறக்கும் செலவு, ஒருநாள் பயிற்சி எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகைக்கே எல்1 பார்க்க வேண்டும் என்று அடியில் ஒரு குறிப்பு. கொட்டேஷன் கேட்கும்போதே அந்தப் படிவத்தைக் கொடுத்து, இதில்தான் நிரப்பித் தர வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன்.

இன்னொரு சிக்கல் பதிப்பு எண். பி.எல்.சி.யின் மூளையான சி.பி.யூவுக்குள் பதிந்து வரும் ஃபர்ம்வேர் புதிதாகவும் மென்பொருள் பழைய பதிப்பாகவும் இருந்தால், அந்த சி.பி.யூவை மென்பொருள் ஏற்றுக்கொள்ளாது. சப்ளையர் கிட்டைப் புதிதாகக் கொடுத்துவிட்டு, கையிருப்பில் இருந்த பழைய பதிப்பைத் தள்ளிவிட்டால் கிட் அலமாரியில் அழகாக இருக்கும், அவ்வளவுதான். ‘வழங்கப்படும் மென்பொருளைக் கொண்டு, வழங்கப்படும் ஒவ்வொரு சி.பி.யூவுக்கும் எங்கள் ஆய்வகக் கணினியிலிருந்தே புரோகிராம் ஏற்றிக் காட்ட வேண்டும்’ என்று எழுதினேன். ‘எங்கள் கணினியிலிருந்தே’ என்பதை அடிக்கோடிட்டேன். அவர்கள் லேப்டாப்பில் எல்லாமே ஓடும்.

கேட்காமல் விட்டவையும் உண்டு. டச் ஸ்கிரீன், கன்வேயர் மாடல், லிஃப்ட் மாடல், டிராஃபிக் சிக்னல் மாடல் எல்லாம் எல்லா சப்ளையர் கேட்டலாக்கிலும் முதல் பக்கத்தில் இருக்கும். அங்கீகாரக் குழு வரும்போது பளபளவென்று இருக்கும் என்று துறைத்தலைவருக்கு ஆசை. எனக்கு அந்த லிஃப்ட் மாடலில் நம்பிக்கை இல்லை. மூன்று மாடி, குட்டி மோட்டார், நூல் கயிறு. வயரிங் அச்சடித்த போர்டில் முடிந்தே வரும். இரண்டாம் செமஸ்டரில் நூல் அறும். பணம் மிச்சம் இருந்தால் நியூமேட்டிக் சிலிண்டரும் சோலனாய்டு வால்வும் வாங்கலாம், கம்ப்ரஸர் ஏற்கெனவே மெக்கானிக்கல் துறையில் சும்மா இருக்கிறது என்று கடைசிப் பத்தியில் ஒரு வரி சேர்த்தேன். எதிர்பார்த்தபடி அந்த வரியைத்தான் முதலில் அடித்தார்கள்.

பணம் கொடுக்கும் நிபந்தனையிலும் கொஞ்சம் இழுபறி. சப்ளையர்கள் பர்ச்சேஸ் ஆர்டரோடு பாதி, டெலிவரியில் மீதி என்று கேட்பார்கள். டெலிவரி என்றால் அட்டைப்பெட்டி வாட்ச்மேன் அறையில் இறங்குவது. சோதித்துப் பார்த்து லேப் இன்சார்ஜ் கையெழுத்திட்ட அறிக்கை கொடுத்த பிறகே கடைசி 10 சதவீதம் என்று கடிதத்தில் கேட்டிருந்தேன். அக்கவுண்ட்ஸில் இருப்பவர் “இதெல்லாம் நம்ம வழக்கத்துல இல்லீங்களே” என்றார். முதல்வர் ஒப்புக்கொண்டார்.

அறிக்கைக்கு என்ன சோதிப்பது என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி, ஆர்டரோடு அனுப்பச் சொன்னேன். ஒவ்வொரு இன்புட் சாக்கெட்டிலும் 24 வோல்ட் கொடுத்து, அதற்குரிய விளக்கும் திரையில் அதே முகவரியும் எரிகிறதா என்று பார்ப்பது. முன்பலகையில் `I0.3` என்று அச்சடித்த சாக்கெட் உள்ளே `I0.4`-க்குப் போயிருப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். ஒவ்வொரு அவுட்புட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவது. காமனை மாற்றிப் போட்டு இரண்டு ஜாதி சென்சாரையும் பார்ப்பது. ஓடும்போது ஸ்டாப் வயரைப் பிடுங்குவது. எமர்ஜென்சியை அழுத்தி, விடுவித்து, மோட்டார் தானாக ஓடவில்லை என்று உறுதிசெய்வது. மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுத்து, புரோகிராம் இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு கிட்டுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

ஆறும் ஒப்புதல் ஆனது. பெட்டிகள் வந்ததும் லேப் அசிஸ்டென்ட் அண்ணனும் நானும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பக்கத்தை வைத்து வரிசையாகச் சோதித்தோம். ஐந்து சரி. ஆறாவதில் காமன் சாக்கெட் முன்னால் அழகாக இருந்தது, அதை 24 வோல்ட்டில் கொடுத்ததும் ஃபீல்டு ஃப்யூஸ் போனது. ஃப்யூஸை மாற்றி, சப்ளையை நிறுத்தி, காமனுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்தால் பீப் சத்தம். பழைய வழக்கப்படி உள்ளே ஒரு லிங்க் வயர் போட்டு, சாக்கெட்டையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். பின் தகட்டைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்பதால் தொடவில்லை. கூப்பிட்டுச் சொன்னதும் அவர்களுடைய டெக்னீஷியன் ஒருவர் வந்து, நான்கு ஸ்க்ரூ கழற்றி, அந்த லிங்க்கை வெட்டி, மறுபடி எல்லாவற்றையும் எங்கள் கணினியிலேயே ஓட்டிக் காட்டினார். “யாரும் இதைப் பாக்க மாட்டாங்க மேடம்” என்றார், குறையாகவா பாராட்டாகவா என்று தெரியவில்லை. அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பினேன், 10 சதவீதம் போனது.

அந்த ஆறாவது கிட்தான் இப்போது நான் பிழை வைக்கும் கிட்.